கம்பெனி போடும் மார்க்: ஜாப் ஒர்க் யூனிட் நடத்துவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் மஹல்லாக்களில் பிரிண்டிங் பட்டறை, பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று சிறு யூனிட் நடத்தும் சகோதரர்கள் சிலர் அண்மைக் காலமாக நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும்போது ஒரு தாளைக் கையோடு எடுத்து வருகிறார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவு கொடுத்த தாள் அது. அதில் யூனிட்டின் பெயர், ஒரு வெண்டர் நம்பர், கீழே தரம், டெலிவரி, விலை என்று தனித்தனியாக மார்க், கடைசியில் மொத்த மார்க் இருக்கும். "பத்து வருஷமாக இவர்களுக்கு வேலை செய்கிறோம். இப்போது 68 மார்க் என்கிறார்கள். யார் போட்டது, எதை வைத்துப் போட்டது, ஒன்றும் புரியவில்லை" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

மெர்ச்சன்டைசரிடம் கேட்டால் "சிஸ்டம் போட்டது" என்பார். பெரும்பாலும் அது உண்மைதான். கம்பெனியின் கணினியில் கொள்முதலுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஆர்டர் போடுவது, சரக்கு வரவு வைப்பது, பில் சரிபார்ப்பது எல்லாம் அதில்தான் நடக்கிறது. அந்தப் பதிவுகளிலிருந்தே மார்க்கும் பிறக்கிறது. பெரிய கம்பெனிகள் சிலவற்றில் இருப்பது எஸ்.ஏ.பி. என்ற மென்பொருள். மற்றவர்கள் பனியன் தொழிலுக்கென்றே எழுதப்பட்ட உள்ளூர் மென்பொருள்களை வைத்திருக்கிறார்கள். மார்க் போடும் முறை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், எஸ்.ஏ.பி.யில் நடப்பதை வைத்து விளக்குகிறோம்.

அதில் மார்க் 1 முதல் 100 வரை. விலை, தரம், டெலிவரி, பொதுவான சேவை என்று நான்கு பெரிய தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவுகள் உண்டு. டெலிவரி என்றால் தேதி தவறாமை, எண்ணிக்கை தவறாமை இரண்டும் முக்கியமானவை. சேவைக்கு ஆள்தான் மார்க் போடுகிறார். போன் எடுக்கிறாரா, பிரச்சினை வந்தால் ஓடி வருகிறாரா என்பதெல்லாம் அதில் அடங்கும். தேதியையும் எண்ணிக்கையையும் ஆள் போடுவதில்லை, கணினியே கணக்கிடுகிறது. யாருடைய கோபமும் தயவும் அதில் இல்லை என்று நினைப்போம். ஆனால் நம்மவர்கள் அதிகமாக மார்க் இழப்பது அந்த இரண்டில்தான். எப்படி என்பதை ஒரு கணக்காகப் பார்ப்போம்.

ஒரு பிரிண்டிங் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். டி-ஷர்ட்டின் முன்பக்க கட்டிங் பீஸ் 4,000-க்குச் செஸ்ட் பிரிண்ட் அடிக்க வேண்டும். கம்பெனியின் ஆர்டரில் டெலிவரி தேதி 12, வியாழக்கிழமை. பீஸ் 7-ஆம் தேதி வர வேண்டியது, கட்டிங் தாமதமானதால் 9-ஆம் தேதிதான் வந்தது. "ரெண்டு நாள் தள்ளிக் கொடுங்கள், பரவாயில்லை" என்று மெர்ச்சன்டைசர் போனில் சொல்லிவிட்டார். பட்டறைக்காரர் 12-ஆம் தேதியே 600 பீஸை அனுப்பிவைத்தார். மீதியில் 3,300 பீஸ் 14-ஆம் தேதி சனிக்கிழமை மாலை கம்பெனி கேட்டுக்குள் போய்விட்டது. ஸ்டோர் ஆள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டதால் திங்கட்கிழமை, 16-ஆம் தேதிதான் கணினியில் வரவு வைக்கப்பட்டது.

பட்டறைக்காரரைக் கேட்டால், சொன்ன தேதிக்குக் கொடுத்துவிட்டேன் என்பார். அவர் சொல்வது நியாயம். கணினிக்கோ போனில் பேசியது தெரியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டே தேதிகள். ஆர்டரில் உள்ள தேதி 12, வரவு வைத்த தேதி 16. ஆக நான்கு நாள் தாமதம். எத்தனை நாள் தாமதத்தை முழுத் தவறாக, அதாவது 100 சதவீதமாக எடுத்துக்கொள்வது என்பதைக் கம்பெனிதான் தீர்மானித்து வைக்கும். பத்து நாள் என்று வைத்திருந்தால், நான்கு நாள் தாமதம் 40 சதவீத விலகல். சதவீதத்துக்கு இவ்வளவு மார்க் என்று ஒரு பட்டியலும் கம்பெனியே வைத்திருக்கும். நம் எடுத்துக்காட்டுக்கு, விலகல் இல்லையென்றால் 100, 20 சதவீதம் வரை 80, 40 சதவீதம் வரை 50 என்று கொள்வோம். இந்த வேலைக்குக் கிடைப்பது 50.

ஸ்டோரில் 14-ஆம் தேதியிட்டு வரவு வைத்திருந்தால் இரண்டு நாள் தாமதம், 80 மார்க். திங்கட்கிழமை உட்கார்ந்து பதிவு செய்தாலும், வரவு தேதி என்ற இடத்தில் சரக்கு உண்மையில் வந்த தேதியைப் போட வழி இருக்கிறது. போடச் சொல்லிக் கேட்க ஆள் இல்லாததால் அன்றைய தேதி விழுந்துவிடுகிறது. அதோடு, மெர்ச்சன்டைசர் போனில் கொடுத்த இரண்டு நாளை ஆர்டரிலும் மாற்றியிருந்தால் 100 மார்க். அதே பீஸ், அதே பட்டறை, அதே சனிக்கிழமை மாலை. மார்க் மட்டும் 50, 80, 100.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எஸ்.ஏ.பி. ஆர்டரில் டெலிவரி தேதி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று சாதாரண தேதி. மற்றொன்று திரையில் Stat. Del. Date என்று தெரிவது. மார்க் கணக்கு இரண்டாவதைத்தான் பார்க்கும். பர்ச்சேஸ் ஆள் முதல் தேதியை மட்டும் மாற்றினால் இரண்டாவது பழையபடியே நின்றுவிடக்கூடும். இது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடுதான். சப்ளையர் தன் தவறால் தள்ளிப் போடும்போது திட்டத் தேதியை மாற்றலாம், மார்க்குக்கான தேதி மாறக்கூடாது. ஆனால் தாமதம் கம்பெனியின் பக்கம் என்றால் இரண்டையும் மாற்ற வேண்டும். ஆகவே "தேதியை மாற்றிவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஸ்டாட் டேட்டையும் மாற்றிவிட்டீர்களா?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்த ஆள் என்று அவர்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதலில் அனுப்பிய 600 பீஸ் என்ன ஆனது? நல்ல பெயர் வரட்டும் என்று முன்கூட்டி அனுப்பியது அது. கணினியில் அதனால் ஒரு பயனும் இல்லை. ஆர்டரில் குறைந்தது இத்தனை சதவீதம் வந்தால்தான் அந்த வரவை மார்க்குக்கு எடுத்துக்கொள்வது என்று ஒரு வரம்பு வைப்பார்கள். கொஞ்சம் பீஸை மட்டும் தேதிக்குக் கொடுத்து நல்ல மார்க் வாங்கிக்கொண்டு மீதியை இழுத்தடிப்பவர்களைத் தடுக்கவே அந்த வரம்பு. 4,000-க்கு 600 என்பது 15 சதவீதம்தான். லைன் ஓடுவதற்கு அவசரமாக வேண்டும் என்று கம்பெனி கேட்டால் கொடுங்கள், அது நல்லுறவு. மார்க்குக்காக என்றால் வண்டி வாடகைதான் நஷ்டம்.

எண்ணிக்கையையும் பாருங்கள். ஆர்டர் 4,000, வரவு 3,900. கணினியில் நூறு பீஸ் குறைவு. உண்மையில் அறுபது பீஸ் பிரிண்ட் பழுதாகித் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். நாற்பது பீஸ் முதலிலேயே குறைவாக வந்திருக்கலாம், பட்டறையில் எங்காவது சாக்கு மூட்டைக்கு அடியிலும் கிடக்கலாம். பழுதான பீஸை "அடுத்த தடவை வண்டியில் போடுகிறேன்" என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அதிகம். அந்த அறுபதையும் அன்றே தனி டெலிவரி சலானில் பழுது என்று எழுதித் திருப்பிவிட்டால், விளக்கம் சொல்ல வேண்டியது நாற்பதுக்கு மட்டும்தான். பண்டல் வந்த அன்றே எண்ணி, குறைவை வந்த சலானிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த நாற்பதும் நம் தலையில் விழாது.

சரி, ஒரு வேலைக்கு 50 மார்க் வந்ததால் என்ன ஆகிவிடும்? மொத்தக் கணக்கில் அது எப்படிச் சேர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புதிய மார்க் பழைய மார்க்கை அப்படியே தள்ளிவிடுவதில்லை. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை மட்டும் கூட்டவோ கழிக்கவோ செய்கிறது. அந்தப் பங்கு பத்தில் ஒன்று என்று கொள்வோம். இதுவரை தேதி தவறாமையில் 90 வைத்திருந்த பட்டறைக்கு இந்த வேலையில் 50 விழுந்தால், வித்தியாசம் 40, அதில் பத்தில் ஒன்று 4. ஆக 86. அடுத்த வேலையை நூறு மார்க்குக்குச் செய்தால் 86-லிருந்து 87.4-க்குத்தான் ஏறும். அதற்கடுத்து 88.66. பிறகு 89.79. நான்காவது வேலையில்தான் மீண்டும் 90-ஐத் தாண்டும். ஒரு சனிக்கிழமைச் சரக்கைத் திங்கட்கிழமை தேதியில் வரவு வைத்ததைச் சரிக்கட்ட நான்கு வேலைகள் பிசகாமல் செய்ய வேண்டும். மாதம் இரண்டு ஆர்டர் வாங்கும் சிறு பட்டறைக்கு அது இரண்டு மாதம்.

விலையைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு எண்ணம் உண்டு. பத்துப் பைசா குறைத்துக் கொடுத்தால் வேலை நம்மிடம்தான் வரும் என்று. அது பாதி சரி. நான்கு தலைப்புகளுக்கும் எவ்வளவு எடை என்பதைக் கம்பெனி வைத்திருக்கும். மலிவான பட்டறை ஒன்று விலையில் 95, தரத்தில் 80, டெலிவரியில் 60, சேவையில் 70 வாங்கியிருக்கிறது. சற்றே விலை கூடிய பட்டறை விலையில் 75, தரத்தில் 85, டெலிவரியில் 88, சேவையில் 70. தரத்துக்கு 4, டெலிவரிக்கு 3, விலைக்கு 2, சேவைக்கு 1 என்று எடை வைக்கும் கம்பெனியில் மலிவான பட்டறைக்கு மொத்தம் 76, மற்றதற்கு 82.4. இதே இரண்டு பட்டறைகளையும் விலைக்கு 5, தரத்துக்கு 3, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று என்று எடை வைக்கும் கம்பெனி பார்த்தால், மலிவானதற்கு 84.5, மற்றதற்கு 78.8. முடிவு தலைகீழாகிவிடுகிறது. ஆகவே "மார்க் எவ்வளவு?" என்பதற்கு முன் "எதற்கு எவ்வளவு எடை?" என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி. இதை ரகசியமாக வைத்துக் கம்பெனிக்கு லாபம் ஒன்றுமில்லை, கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

விலை மார்க்கில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. உங்கள் விலை சந்தை விலையைவிட எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்ப்பது ஒன்று. உங்கள் விலை ஏறிய வேகத்தையும் சந்தை ஏறிய வேகத்தையும் ஒப்பிடுவது மற்றொன்று. இங்க், கெமிக்கல் விலை ஊருக்கெல்லாம் ஏறும்போது நீங்களும் அந்த அளவுக்கு ஏற்றினால் அந்த இரண்டாவது கணக்கில் மார்க் போகாது. ஒரு வருடம் பயந்து ஏற்றாமல் இருந்துவிட்டு, தாங்க முடியாமல் ஒரே மூச்சில் ஏற்றுபவர்தான் அடி வாங்குகிறார்.

இனி, மார்க் வேலையாக மாறுவது எப்படி என்று பார்ப்போம். ஒரு பொருளுக்கு அல்லது வேலைக்கு யார் யாரிடம் வாங்கலாம் என்ற பட்டியலும், அவர்களுக்குள் பங்கு எவ்வளவு என்ற கணக்கும் கணினியில் இருக்கும். இரண்டு பட்டறைகளுக்கு 3:2 என்று பங்கு வைத்திருந்தால், இதுவரை கொடுத்த எண்ணிக்கையைப் பங்கால் வகுத்து, குறைவாக வருபவருக்கு அடுத்த ஆர்டரைக் கணினி காட்டும். முதல் பட்டறைக்கு 33,000 பீஸ், இரண்டாவதற்கு 20,000 கொடுத்திருந்தால் வகுத்து வருவது 11,000-மும் 10,000-மும். அடுத்தது இரண்டாவது பட்டறைக்கு. ஆனால் மார்க் குறைந்தால் இந்தப் பங்கு தானாகக் குறைந்துவிடாது. பர்ச்சேஸ் மேலாளர் மார்க் வரிசையைப் பார்த்து அவ்வப்போது கையால் மாற்றுவார். கணினி வேலையைப் பறிப்பதில்லை, பறிப்பதற்கான காரணத்தை எழுதிக் கொடுக்கிறது என்று சொல்லலாம். அதனால் மேலாளர் உட்கார்ந்து மாற்றுவதற்கு முன்னால் போய்ப் பேசினால் இடம் உண்டு.

எல்லாச் சப்ளையரையும் கம்பெனி ஒரே கண்ணால் பார்ப்பதும் இல்லை. இதைத் திருப்பூர் கற்றுக்கொண்ட விதம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று, கழிவு நீரைத் துளியும் வெளியேற்றாத நிலை வரும் வரை சாய, சலவை ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. துணி இருந்தது, தையல் ஆள் இருந்தார்கள், வெளிநாட்டு ஆர்டர் இருந்தது, சாயம் போட மட்டும் இடமில்லை. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றி வரவழைத்தவர்கள் வண்டிச் செலவையும் நாள் இழப்பையும் சுமந்தார்கள். வேலை இல்லாமல் ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் நம் பகுதியிலேயே எத்தனையோ.

பீட்டர் கிரால்ஜிக் என்பவர் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு ஒரு வகைப்பாடு இருக்கிறது. கொள்முதல் படித்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒரு பொருள் நின்றால் நம் லாபம் எவ்வளவு ஆடும், அதை வேறு இடத்தில் வாங்குவது எவ்வளவு கடினம் என்ற இரண்டு கேள்விகளையும் வைத்துப் பொருள்களை நான்காகப் பிரிப்பது அது. நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால், பாலி பேக், அட்டைப்பெட்டி பத்துப் பேரிடம் கிடைக்கும், அதில் கம்பெனி விலையை மட்டும் பேசும். நூல் பலரிடம் கிடைத்தாலும் செலவில் பெரும்பங்கு, அதனால் மொத்தமாகப் பேசி அடித்து வாங்கும். சாயம் செலவிலும் பெரியது, மாற்று இடமும் எளிதில்லை, அதனால் அங்கே நீண்டகால உறவு. நான்காவது வகை, பணத்தில் சிறியது, ஆனால் நின்றால் எல்லாம் நிற்கும் பொருள். பையர் பெயர் குறிப்பிட்டே சொல்லும் லேபிளும் ஜிப்பும் இந்த வகை. அவற்றில் கம்பெனிக்கே தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை.

நம் யூனிட் இதில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பேரம் மாறும். சாதாரண அயர்னிங் யூனிட் முதல் வகையில் இருக்கிறது. அங்கே மார்க் இரண்டு குறைந்தாலும் ஆள் மாற்றுவது எளிது. பையரின் ரசாயன விதிகளுக்கு உட்பட்ட இங்க் வைத்து, அதற்கான சான்றோடு பிரிண்ட் அடிக்கும் பட்டறையை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. புதிய பட்டறையைச் சேர்க்க சாம்பிள், டெஸ்ட் ரிப்போர்ட், ஆடிட் என்று வாரக்கணக்கில் ஆகும் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

அந்தச் சேர்க்கை கட்டத்தில் மார்க் இல்லை, கதவு மட்டும்தான். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஒழுங்காகப் போகிறதா, தேவைப்படும் யூனிட் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிறதா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, வேலை செய்பவர்களின் வயதுச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று இல்லையென்றாலும் மற்றவற்றில் நூற்றுக்கு நூறு வாங்கிப் பயனில்லை. ஜி.எஸ்.டி.யில் அவர்கள் கறாராக இருக்கக் காரணம் உண்டு. நாம் ரிட்டர்ன் போடாவிட்டால் நம் பில்லில் உள்ள வரியை அவர்களால் கழித்துக்கொள்ள முடியாது. அவர்கள் கைக்காசு போகும்.

உள்ளே போன பிறகும் ஒரே நாளில் வெளியேற்றும் விஷயம் ஒன்று உண்டு. வேலை அதிகமாகிவிட்டது என்று பக்கத்து யூனிட்டுக்கு நூறு இருநூறு பண்டலைச் சொல்லாமல் தள்ளிவிடுவது. நம்மிடையே இது உதவி. மச்சானுக்கு வேலை இல்லை, கொடுத்தோம். பையரின் கணக்கில் அது அனுமதி பெறாத இடத்தில் நடந்த உற்பத்தி. ஆடிட்டர் அங்கே பீஸைப் பார்த்துவிட்டால், கம்பெனி நம் வெண்டர் நம்பரைக் கணினியில் முடக்கிவிடும். பிறகு யார் நினைத்தாலும் அந்த நம்பருக்கு ஆர்டர் போட முடியாது. மச்சானின் யூனிட்டுக்கும் வேலை கொடுக்க வேண்டுமென்றால், ஆர்டர் கையில் இல்லாத நாளிலேயே அதையும் கம்பெனியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆடிட் முடிந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

உத்யம் பதிவு பற்றியும் பலர் கேட்கிறார்கள். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். அந்தக் கெடு தாண்டினால், பணம் உண்மையில் கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாக எழுத முடியும். ஜாப் ஒர்க் செய்பவருக்கு இது பொருந்தும், வாங்கி விற்கும் வியாபாரிக்குப் பொருந்தாது. இதனால் பதிவு உள்ளவர்களுக்குப் பணம் சீக்கிரம் வந்த இடங்களும் உண்டு. "பதிவு இல்லாதவர் யாராவது இருக்கிறார்களா?" என்று தேடிய கம்பெனிகளும் உண்டு. மாற்றுவது கடினம் என்ற வகையில் இருக்கும் யூனிட்டுக்குப் பதிவு பலம். பத்துப் பேரிடம் கிடைக்கும் வேலை செய்பவர், அந்தக் கம்பெனி எப்படி நடந்துகொள்கிறது என்று விசாரித்துவிட்டுப் பணக் கெடுவைப் பேசுவது நல்லது.

அடுத்து வரும் பெருநாளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ரமலான் கடைசிப் பத்திலும் பெருநாள் முடிந்த வாரத்திலும் நம் யூனிட்களில் ஆள் பாதிதான் இருப்பார்கள். இது எல்லோருக்கும் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். ஆர்டர் போடும் கணினிக்குத் தெரியாது, அந்த வாரத்துத் தேதியைச் சாதாரணமாகவே போடும். ஒரு மாதத்துக்கு முன்பே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எத்தனை பீஸ்தான் முடியும் என்று பர்ச்சேஸ் பிரிவுக்கு மெயிலில் எழுதிவிடுங்கள். ஆர்டர் வந்ததும் தேதியை ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த மெயிலைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். ஆர்டரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு போன் செய்தால் அவர்கள் தேதியை மாற்றுவார்கள், ஸ்டாட் டேட்டை மாற்ற மாட்டார்கள்.